மூக்கு மாஸ்க், கசப்பு மருந்து, கடைசியில் முழு மயக்கம்

என் மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம் உண்டு. பல் துலக்குவதே தினம் ஒரு போராட்டம் என்பதால், ஆறு பால் கடைவாய்ப் பற்களில் சொத்தை என்று டாக்டர் சொன்னபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. அவனை எப்படி உட்கார வைப்பது என்பதுதான் கவலை.

முதலில் நைட்ரஸ் ஆக்சைடு, மூச்சில் இழுத்தால் பதற்றத்தைத் தணிக்கும் வாயு. வெறும் ஆக்சிஜனில் தொடங்கி, வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். முடிந்ததும் ஐந்து நிமிடம் மறுபடி ஆக்சிஜன், அவ்வளவுதான், தெளிந்துவிடும். நாங்கள் முயன்ற மூன்று வழிகளிலும் பாதுகாப்பானது இதுதான். ஆனால் மாஸ்க்கை மூக்கில் வைத்துக்கொண்டு மூக்கால் மூச்சு விட வேண்டும். அவனோ முகத்தில் எது பட்டாலும் தட்டிவிடுபவன். அழ ஆரம்பித்தால் வாய்வழியே மூச்சு போகும், வாயு உள்ளேயே இறங்காது. ஒத்துழைக்க வைக்கும் மருந்துக்கே ஒத்துழைப்பு வேண்டியிருந்தது!

அடுத்த முறை வாய்வழி மிடாசோலம், அதாவது குடிக்கக் கொடுக்கும் தூக்க மருந்து. கிலோவுக்கு அரை மில்லிகிராம் கணக்கில், 24 கிலோவுக்கு 12 மில்லிகிராம். ஜூஸில் கலந்தும் கசப்பு போகவில்லை. பாதியைத் துப்பிவிட்டான். மிச்சத்தைக் கொடுங்கள் என்று கேட்டேன், டாக்டர் மறுத்துவிட்டார். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாமல் மேலும் கொடுத்தால் மூச்சே மந்தமாகலாம். வாயுவைப்போல் குறைக்கவும் கூட்டவும் இதில் வழியில்லை. அரை மணி நேரம் கழித்துத் தூங்குவதற்குப் பதில் கத்திக்கொண்டு என்னைக் கடித்தான். சில குழந்தைகளுக்கு இப்படி எதிர்மாறாக வேலை செய்யுமாம்.

அப்புறம்தான் முழு மயக்கம். அந்தச் சொல்லுக்கே பயந்திருந்தேன். முதல் தேதி சளியால் தள்ளிப்போனது. சளியிருந்தால் மயக்கத்தில் மூச்சுக்குழாய் இறுகும் ஆபத்து கூடும் என்றார் மயக்க மருந்து டாக்டர். இரண்டாம் தேதியில் ஆறு மணி நேரம் உணவில்லை, கடைசி இரண்டு மணி நேரம் தண்ணீரும் இல்லை. சமையலறையையே பூட்டி வைத்தேன். என் மடியிலேயே மாஸ்க் வைத்தார்கள். திமிறினான், ஒரு நிமிடத்துக்குள் தலை சாய்ந்தது.

அதற்குப் பிறகுதான் எக்ஸ்ரேயே எடுக்க முடிந்தது. வாயில் வேலை என்பதால் மூச்சுக்கான டியூபை மூக்கு வழியாக விட்டார்கள். சிகிச்சைத் திட்டமும் மாறியது. நான்கு பற்களுக்கு ஸ்டீல் தொப்பி, பிழைக்குமா என்று சந்தேகமாக இருந்த இரண்டையும் பிடுங்கிவிட்டார்கள். அவற்றுக்கு வேர் சிகிச்சை செய்து அது தோற்றால் இன்னொரு மயக்கம் வேண்டியிருக்கும், அதைத் தவிர்க்கத்தான். எனக்கும் அது சரியாகவே பட்டது.

விழித்தபோது இருபது நிமிடம் யாரையும் அடையாளம் தெரியாதவனாக அலறினான். மூக்கோரம் கொஞ்சம் ரத்தம். இரண்டையும் முன்பே சொல்லியிருந்தார்கள், இருந்தும் கை நடுங்கியது.

வரும்போது ஒரு மூக்கு மாஸ்க்கைக் கேட்டு வாங்கிவந்தேன். தினமும் விளையாட்டாக வைத்துப் பார்க்கிறோம். இப்போது பதினைந்து எண்ணும்வரை தட்டிவிடுவதில்லை.