முதியவர்களுடன் நவக்கிரகத் தலங்கள்: நண்பகல் நடையடைப்பைச் சுற்றி ஒரு பயணத் திட்டம்

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவக்கிரகத் தலங்களுக்கு என் மாமனாரையும் மாமியாரையும் சென்னையிலிருந்து அழைத்துச் செல்லத் திட்டமிட்டபோது, தூரத்தைவிடக் கோயில்களின் நடையடைப்பே பெரிய கணக்காக இருந்தது. இத்தலங்களில் பெரும்பாலானவை நண்பகல் பன்னிரண்டு மணியையொட்டி மூடப்பட்டு, மாலை நான்கு மணிக்குத்தான் மீண்டும் திறக்கின்றன. மாமனாருக்கு நீரிழிவு, மாமியாருக்கு முழங்கால் வலி. எனவே அந்த நான்கு மணி நேரத்தை எங்கே கழிப்பது என்பதை முதலில் முடிவு செய்து, தரிசனத்தை அதற்கு முன்னும் பின்னுமாக அமைத்தோம்.

ஒன்பது தலங்களையும் ஒரே நாளில் காட்டும் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சிறப்புப் பேருந்து, 2024 முதல் கும்பகோணத்திலிருந்து இயங்குகிறது. தொடக்கத்தில் கட்டணம் 750 ரூபாய். நன்றாக நடக்கக்கூடியவர்களுக்கு அது வசதியானது, சிக்கனமானதும்கூட. ஆனால் அதிகாலையிலேயே கிளம்பி இரவு வரை, குறித்த நேரத்திற்குள் இறங்கி, தரிசித்து, மீண்டும் ஏறுவது எங்கள் வீட்டுப் பெரியவர்களால் இயலாது. ஆகவே கும்பகோணத்தில் அறை எடுத்து, உள்ளூர்ப் பயணத்திற்கு வாடகைக் கார் அமர்த்திக்கொண்டோம்.

சென்னையிலிருந்து செல்லும் இரவுப் பேருந்தை இணையத்தில் முன்பதிவு செய்தபோது இருக்கை வரைபடத்தை நிதானமாகப் பார்த்தோம். படுக்கையும் இருக்கையும் கலந்த வண்டிகளில் படுக்கைகள் பெரும்பாலும் மேல்தளத்தில்தான் இருக்கும். அந்தச் சிறிய ஏணியில் முழங்கால் வலியுள்ளவர் ஏறுவதே சிரமம். நள்ளிரவில் வண்டி நிற்கும்போது கழிப்பறைக்காக இறங்கி ஏறுவது அதைவிடச் சிரமம். ஆகவே பின்சக்கரத்திற்கு மேல் வராத நடு வரிசையில், சாயும் இருக்கைகளையே எடுத்தோம். கிளாம்பாக்கத்தில் இரவு பத்து மணியளவில் ஏறினால் விடியலுக்கு முன்பே கும்பகோணம் வந்துவிடும். அந்நேரத்தில் அறை கிடைக்குமா என்று விடுதியில் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். இல்லையேல் பெரியவர்கள் வரவேற்பறை நாற்காலியில்தான் காத்திருக்க நேரும்.

முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. சூரியனார் கோயிலுக்கு முன் திருமங்கலக்குடியில் பிராணநாதேஸ்வரரை வழிபடுவது மரபு என்பதால் அதற்கும் நேரம் ஒதுக்கினோம். சூரியனார் கோயிலில் ஒன்பது கிரகங்களுக்கும் தனித்தனிச் சன்னதிகள் உள்ளன. எல்லாத் தலங்களுக்கும் செல்ல இயலாத முதியவர்களுக்கு இந்த ஒரு கோயிலே போதும் என்பது என் கருத்து. அருகிலுள்ள கஞ்சனூரையும் முடித்துப் பதினொரு மணிக்கெல்லாம் திரும்பினோம். அதற்குள் திறந்தவெளிப் பிராகாரத்தின் கல்தளம் சுடத் தொடங்கிவிட்டது; மாமியார் மதில் நிழலை ஒட்டியே வலம் வந்தார். அறைக்குத் திரும்பியதும் மாமனார் நேரத்துக்கு மாத்திரை போட்டு, சாப்பிட்டு, உறங்கினார்.

ஞாயிறன்று ராகு காலம் மாலை நாலரை முதல் ஆறு வரை. திருநாகேஸ்வரத்தில் அந்நேரத்துப் பாலாபிஷேகத்தைக் காணக் கூட்டம் சேரும். ராகு பகவான் திருமேனியில் வழியும் பால் நீலநிறமாகத் தெரியும் என்பார்கள். நடை திறக்கும் வேளையிலேயே சென்றுவிட்டதால், உடன் கொண்டுபோன மடக்கு நாற்காலியில் மாமியாரை உட்கார வைத்து, வரிசை நகர்ந்தபின் உள்ளே அழைத்துச் சென்றோம்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பி வைத்தீஸ்வரன் கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் என்ற வரிசையில் சென்றோம். கடைசியான கேது தலம் சிறியது, அங்கே அதிக நேரம் ஆகாது. அதை நண்பகலுக்குச் சற்று முன்பாக வைத்துக்கொண்டால் பதற்றமில்லை. பிறகு தரங்கம்பாடி வழியாகக் காரைக்கால் சென்று, அங்கே பகல் பொழுதுக்கு மட்டும் ஓர் அறை எடுத்தோம். அந்த வாடகையை வீண் செலவு என்று மாமனார் முணுமுணுத்தார். இரண்டு மணி நேரம் கால் நீட்டிப் படுத்து எழுந்தபின் அந்தப் பேச்சே எழவில்லை.

நான்கு மணிக்குத் திருநள்ளாறு. சனிக்கிழமைகளில் அங்கே நெரிசல் மிகுதி என்பதாலேயே திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்திருந்தோம். நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து நீராடும் வழக்கம் இருப்பதால் படிகள் வழுக்கும். எனவே பெரியவர்களைக் கரையில் நிறுத்தி, ஒரு செம்பில் நீர் மொண்டு வந்து தலையில் தெளித்தோம்.

எஞ்சிய ஆலங்குடியும் திங்களூரும் கும்பகோணத்திலிருந்து வெவ்வேறு திசைகளில் உள்ளன. அவற்றை அடுத்த நாள் காலையில் முடித்துக்கொண்டு, ஊர் திரும்ப மாலைப் பேருந்தை விடுத்து இரவுப் பேருந்திலேயே இடம் பதிந்திருந்தோம். தரிசனம் தாமதமானாலும் பேருந்தைப் பிடிக்க யாரும் ஓட வேண்டியிருக்கவில்லை.