நாலு டம்ளர், மூணு கோலி

நவம்பர் 12, கோத்தகிரி

விடிந்ததிலிருந்து மழை. பள்ளிக்கூடம் லீவு. அண்ணன் மகன் மூன்றாம் வகுப்பு. பையிலிருந்த கோலிகளைத் தரையில் கொட்டிவிட்டான். எங்கள் வீட்டுத் தரை கொஞ்சம் சரிவு, எல்லாம் பீரோ பக்கம் ஓடின. பொறுக்கிக் கொடுத்து, நாலு டம்ளரில் சமமாகப் போடச் சொன்னேன்.

டம்ளருக்குப் பதிமூன்று போட்டுவிட்டு, "அத்தை, மீதி ஏழு" என்றான்.

"ஏழு இருக்கே, இன்னொரு சுற்று வராதா?"

யோசித்தான். ஆளுக்கொன்று போட்டான். பதினான்கு ஆச்சு, மூன்று நின்றது. மறுபடி டம்ளர்களைப் பார்த்தான். மூன்றை வைத்து நாலு டம்ளருக்குச் சுற்ற முடியாது. அதற்குப் பிறகுதான் அதை மீதி என்று ஒத்துக்கொண்டான். நாலு பதினான்கு ஐம்பத்தாறு, கூட மூன்று, ஆக 59 என்று நோட்டில் எழுதவைத்தேன்.

நவம்பர் 13

இன்றும் லீவு. காபி குடிக்க டம்ளர் இல்லை, எல்லாம் அவனிடம். ரெண்டு டம்ளரில் பிரித்தால் மீதி 1. மூன்றில் 2, நாலில் 3, ஐந்தில் 4, ஆறில் 5.

"டம்ளர் ஒண்ணு கூடினா மீதியும் ஒண்ணு கூடும்!" கண்டுபிடித்த குரல். ஏழுக்கு ஆறு வரும் என்று பந்தயம் கட்டினான். வராது என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

நவம்பர் 14

ஏழு டம்ளர். எட்டெட்டாகப் போட்டான், மீதி மூன்றுதான். இரண்டு தடவை எண்ணிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

நேற்றைய நோட்டை எடுத்து, "ஆறு டம்ளருக்கு அஞ்சு மீதி. இன்னும் எத்தனை இருந்தா ஒரு சுற்று முடியும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணு."

"அஞ்சு டம்ளருக்கு?"

"ஒண்ணு." நாலுக்கும் ஒண்ணு. மூன்றுக்கும், ரெண்டுக்கும் அதேதான். பிறகு அவனே, "ஏழுக்கு மட்டும் நாலு குறையுது" என்றான். மிஞ்சியதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் குறைவதைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். எனக்கே அந்த வயதில் இது ஓடவில்லை.

திடீரென்று எழுந்து பீரோவுக்கு அடியில் துடைப்பத்தை விட்டான். தூசியோடு ஒரு பச்சைக் கோலி உருண்டு வந்தது.

அறுபது. ரெண்டிலிருந்து ஆறு வரை எதில் பிரித்தாலும் மீதி இல்லை. ஏழில் மட்டும் நாலு.

"ஏழுக்கும் சரியா வர எத்தனை வேணும்?"

மூன்று சேர்த்தால் 63, ஏழுக்குச் சரி. ஆனால் ரெண்டிலேயே மறுபடி ஒன்று மிஞ்சும். எல்லாவற்றுக்கும் ஒத்துவர ஏழு அறுபது, 420 வேண்டும் என்றேன்.

இப்போது அண்ணனுக்கு போன் போட்டுக்கொண்டிருக்கிறான். இன்னும் 360 கோலி வாங்கி வரணுமாம்.