எந்த 5 சதவீதம்?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர் வேலைகளைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த நாலாவது மாதம் அது. 12,000 டி-ஷர்ட்டுக்கு ஓர் ஆர்டர் வந்திருந்தது, மூன்று கலர். மேனேஜர் போனைக் காதில் வைத்தபடியே என் மேசைப் பக்கம் வந்தார். "துணி புக் பண்ணிடும்மா. 5 பர்சென்ட் சேத்துப் போட்டுடு" என்றார். நான் "சரிங்க சார்" என்றேன். அவர் போனில் பேசிக்கொண்டே போய்விட்டார்.

ஆர்டரின் செலவுக் கணக்குப் போடுகிற காஸ்டிங் ஷீட்டில் பீஸுக்கு 200 கிராம் துணி என்று இருந்தது. 12,000 பீஸுக்கு 2,400 கிலோ வருகிறது. அதில் 5 சதவீதம் 120 கிலோ. இரண்டையும் கூட்டி 2,520 கிலோ என்று போட்டேன். நிட்டிங்கிலும் டையிங்கிலும் எடை குறைவதற்கு வழக்கமாகச் சேர்ப்பதை அதன் மேல் சேர்த்து நூலுக்கும் எழுதிக் கொடுத்தேன்.

அந்த 200 கிராமுக்குள்ளேயே 5 சதவீதம் இருந்தது என்பது எனக்குத் தெரியாது. ஒரு பீஸுக்கு உண்மையில் போகிற துணி 190 கிராம்தான். தையலிலும் செக்கிங்கிலும் கழிகிற பீஸுக்காக 5 சதவீதம் கூடுதலாக வெட்ட வேண்டும் என்று கணக்குப் பார்த்து, ஷீட் போட்டவர் அதை 200 ஆக்கியிருந்தார். அதாவது 2,400 கிலோவிலேயே 12,600 பீஸ் வெட்டலாம். அந்தக் கூடுதல் நிற்கிற மாதிரி பார்த்துக்கொள், குறைத்துவிடாதே என்பதைத்தான் மேனேஜர் சொல்லியிருக்கிறார். நான் அதன் மேல் இன்னொரு 5 சதவீதத்தைச் சேர்த்துவிட்டேன். கடைசியில் சாயம் போட்ட துணி 120 கிலோ கோடவுனில் மிஞ்சியது. ஆர்டர் கொடுத்த பையருக்கென்று சின்னத் துண்டில் சாயம் போட்டு லேப் டிப் காட்டி ஓகே வாங்கிய கலர் என்பதால் வேறு ஆர்டருக்கும் ஆகவில்லை.

அன்று கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. ஏன் கேட்கவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். சந்தேகம் வராமல் இல்லை, வந்தது. ஆனால் என் வாயில் வந்த கேள்வி "எந்த 5 சதவீதம்ங்க சார்?" என்பதுதான். அதைக் கேட்டால், அவர் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று சுட்டிக்காட்டுவது போல இருக்கும். பக்கத்தில் கட்டிங் மாஸ்டர் வேறு நின்றுகொண்டிருந்தார். அதனால் விழுங்கிவிட்டேன்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை என்பது அப்புறம்தான் எனக்கு விளங்கியது. இருபது வருஷமாக இதே வேலையில் இருக்கிறவர். 5 பர்சென்ட் என்று சொல்லும்போது அவர் மனதில் காஸ்டிங் ஷீட் திறந்தே இருக்கிறது. அவருக்கு அது முழு வாக்கியம். என் கையில் அந்த ஷீட்டின் கடைசி வரி மட்டும்தான் இருந்தது. ஆகவே அவருடைய பேச்சை அவரிடமே திருப்பி விளக்கச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. என் கையில் எது இருக்கிறது, எது இல்லை என்பதை அவர் பார்க்கும்படி செய்தால் போதும்.

இதை நடைமுறையில் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. முதலில் நான் பிடித்துக்கொண்ட வழி, பழியை என் மேலேயே போட்டுக்கொள்வது. "எனக்குத்தான் சரியாப் புரியலைங்க சார், இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்று கேட்பேன். மரியாதையான கேள்விதான். ஆனால் எனக்கு எது புரியவில்லை என்பது அதில் இல்லை. அவர் பொறுமையாக முதலிலிருந்து ஆரம்பிப்பார். நூல் என்றால் என்ன, கழிவு எங்கே வருகிறது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்வார். நான் சிக்கியிருந்த அந்த ஒரு இடத்தை மட்டும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று தாண்டிப் போய்விடுவார். நாலைந்து முறை இப்படி நடந்த பிறகு, இந்தப் பெண்ணுக்கு எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும் என்கிற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது. பெரிய ஆர்டர்கள் என் மேசைக்கு வருவது குறைந்தது.

வாக்கியத்தின் எழுவாயைக் கவனிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். "நீங்க சொன்னது புரியலைங்க" என்றால் வாக்கியம் அவருடைய பேச்சைப் பற்றியது. "எனக்குப் புரியலைங்க" என்றால் என் திறமையைப் பற்றியது. இரண்டிலும் துணி இல்லை. "கணக்கு ரெண்டு விதமா வருதுங்க சார்" என்று ஆரம்பித்தால் பேச்சு கணக்குக்குப் போய்விடுகிறது. அவரும் நானும் ஒரே பக்கம் நின்று ஒரு காகிதத்தைப் பார்க்கிறோம். இதில் பொய்யும் இல்லை, கணக்கு உண்மையிலேயே இரண்டு விதமாகத்தான் வருகிறது.

'தானே' என்ற சொல்லையும் விட்டுவிட்டேன். "நீங்க 5 பர்சென்ட்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டால், உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் கேட்கிறோம் என்று நாம் நினைப்போம். அவர் காதில் அது விசாரணை மாதிரி விழும். "5 பர்சென்ட்னு எடுத்துக்கட்டுங்களா சார்?" என்றால் அவர் தலையாட்டலாம், மாற்றிச் சொல்லலாம், எதுவும் கெடாது.

இப்படிக் கேட்டு நன்றாக நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். 9,000 பீஸ் ஆர்டர், ஆறு சைஸ், இரண்டு கலர். "கட்டிங்க்கு 3 பர்சென்ட் சேத்துச் சொல்லிடு" என்றார் மேனேஜர். 9,000-க்கு 3 சதவீதம் 270 பீஸ். அதை எங்கே சேர்ப்பது? மொத்தத்தில் 270 என்று மட்டும் சொன்னால், வெட்டுவதற்குத் துணியை அடுக்கி லே போட எது சௌகரியமோ அந்த சைஸில்தான் கூடுதல் பீஸ் விழும். பெரும்பாலும் மீடியத்திலோ லார்ஜிலோ போய்ச் சேரும். எங்களுக்கு உண்மையில் குறைவது ஓரத்து சைஸ்களில்தான். நேவி கலரில் டபுள் எக்ஸெல் 200 பீஸ்தான் இருந்தது. அதில் 3 சதவீதம் 6 பீஸ். ஒரு பண்டலில் கழுத்து ரிப் சரியாக உட்காராமல் பத்து பீஸ் கழிந்தாலே அந்த சைஸ் ஷார்ட். அந்த நேரத்தில் புதிதாகத் துணி வாங்கவும் முடியாது. சின்ன லாட்டாக மறுபடி சாயம் போட்டால் முதல் லாட்டின் ஷேடு அப்படியே வருவது அபூர்வம். முன் துண்டும் கையும் பக்கத்தில் வைக்கும்போது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

உடனே போய்க் கேட்கவில்லை. ஒரு சின்னத் தாளில் சைஸ்வாரியாக ஆர்டர் எண்ணிக்கையை எழுதினேன். பக்கத்தில் 3 சதவீதம் போட்டால் எத்தனை என்று எழுதினேன். நேவி டபுள் எக்ஸெல்லுக்கு எதிரே இருந்த 6-ஐ வட்டமிட்டேன். அவர் பையரிடம் பேசி முடிக்கிற வரை காத்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அறையில் தனியாக இருந்தபோது போய்த் தாளை வைத்தேன்.

"சார், 3 பர்சென்ட்டை சைஸ்வாரியாப் போட்டுப் பார்த்தேனுங்க. நேவி டபுள் எக்ஸெல்ல 6 பீஸ்தான் கூடுது. அதை மட்டும் 12 ஆக்கிக்கட்டுங்களா, இல்ல வேற மாதிரி பாத்துக்கலாங்களா?"

தாளை எடுத்துப் பார்த்தார். "பீஸாக் கட் பண்ணாதே. இந்த பையர் சைஸ்வாரியா 3 பர்சென்ட்டுக்கு மேல எடுக்க மாட்டான். 6 போதும். ஆனா அதே லாட்ல ஒரு ரெண்டு கிலோ துணி தனியாக் கட்டி வெச்சுடச் சொல்லு. கழிஞ்சா அந்தப் பேனலை மட்டும் ரீகட் பண்ணிக்கலாம்" என்றார்.

என் இரண்டு கணக்கிலும் இல்லாத பதில் அது. '6-ஆ, 12-ஆ' என்று மட்டும் கேட்டிருந்தால் அவர் ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன். கேள்வியில் கடைசியாகச் சேர்த்த "வேற மாதிரி பாத்துக்கலாங்களா" அவருக்கு இடம் கொடுத்தது. நம் கையில் இருக்கிற வழிகளை மட்டும் நீட்டினால் மேலதிகாரியின் அனுபவம் நம் அறிவின் அளவுக்குச் சுருங்கிவிடும். இதைச் சொல்லித் தரவும் யாரும் இருக்கவில்லை என்பது இப்போது நினைத்தாலும் எனக்கு வருத்தம்தான்.

பேசி முடித்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுவேன். அதிலும் ஆரம்பத்தில் "நீங்கள் சொன்னபடி" என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவர், "என்னம்மா, எல்லாத்துக்கும் சாட்சி வெக்கிறியா?" என்று கேட்டுவிட்டார். அப்படியொரு எண்ணம் எனக்கு இல்லை. ஆனாலும் நாளைக்கு ஏதாவது தவறினால் அந்த வரி அவர் பக்கம் விரல் நீட்டும் என்பது உண்மைதான். அதிலிருந்து "பேசினபடி" என்று எழுதுகிறேன்: "பேசினபடி, நேவி டபுள் எக்ஸெல் 206 பீஸ் கட்டிங். அதே லாட்டில் 2 கிலோ தனியாக." அவரும் கட்டை விரலைப் போட்டுவிடுகிறார். நான் தப்பாக எழுதியிருந்தால் திருத்தவும் செய்கிறார்.

இந்த முறை எடுபடாத இடமும் உண்டு. சில சமயம் சொல்வது தெளிவில்லாமல் இருப்பதற்குக் காரணம் அவருக்கே இன்னும் முடிவு தெரியாததுதான். பையர் அளவை உறுதி செய்திருக்க மாட்டார். "ஒரு அஞ்சு மாதிரி போட்டு வை, பாத்துக்கலாம்" என்பார். அப்போது எவ்வளவு பக்குவமாகக் கேட்டாலும் பதில் வராது. திரும்பத் திரும்பக் கேட்டால் கோபம்தான் வரும். அந்த மாதிரி நேரத்தில் விளக்கம் கேட்பதை விட்டுவிட்டு, எது வரைக்கும் பொறுக்கலாம் என்பதை மட்டும் சொல்கிறேன். "நூல் நாளைக்குப் பதினோரு மணிக்குத்தான் புக் பண்ணணுங்க சார். அதுவரைக்கும் 2,400-னே வெச்சிருக்கேன்."

போன மாதம் அப்படி ஒரு செய்தி அனுப்பினேன். இரவு பதில் வரவில்லை. மறுநாள் காலை பத்தே முக்காலுக்கு அவரே மேசைக்கு வந்தார். "அந்த மெரூன் கலரை நிறுத்தி வை. பையர் யோசிக்கிறான். மத்த ரெண்டுக்கும் நூல் போட்டுடு" என்றார். இந்த முறை 'சேர்த்தா, சேர்க்காமலா' என்று நான் கேட்பதற்குள், "ஷீட்ல இருக்கற 5 போதும், மேல எதுவும் வேண்டாம்" என்று அவரே சொல்லிவிட்டுப் போனார்.