எட்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு…

தென்கொரியாவின் பூசான் நகருக்குப் போய் இறங்கிய இரவு நல்ல மழை. தங்கும் விடுதியின் பொதுச் சமையலறையில் நானும் தம்பியும் ஒரு கொரிய நூடுல்ஸ் பாக்கெட்டோடு நின்றோம். சூப் இல்லாமல் வதக்கிச் சாப்பிடும் வகை. பின்பக்கம் முழுக்கக் கொரிய எழுத்து.

பாக்கெட்டைக் கிழிக்கும் முன் படம் எடுத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. முதல் படத்தில் பளபளப்பு உறையில் விளக்கொளி பட்டு, 600 என்ற எண்ணின் முதல் இலக்கம் வெள்ளையாகிவிட்டது. மேசையில் வைத்து நீவி, ஃபிளாஷை அணைத்து, கொஞ்சம் சாய்வாக மறுபடி எடுத்தேன். மொழிபெயர்ப்புச் செயலி அதை ஆங்கிலத்தில் தந்தது. நான் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, தம்பி சமைத்தான்.

"எட்டு ஸ்பூன் தண்ணி விட்டுட்டு வடிச்சிடு" என்றேன். மீதம் வை என்பதுதான் நான் நினைத்தது. அவன் மொத்தத்தையும் வடித்துவிட்டு, குழாயில் எட்டு ஸ்பூன் பிடித்து ஊற்றினான். நம் ஊரில் தண்ணீர் விடுவது என்றால் ஊற்றுவதுதானே! "நீதாண்ணா விடச் சொன்னே" என்கிறான். நூடுல்ஸ் வெந்த நீரில் மாவுச்சத்து இறங்கியிருக்கும், சாஸ் இழையில் ஒட்டுவது அதனால்தான். பச்சைத் தண்ணீரில் சாஸ் ஒட்டாமல் அடியில் நீர்த்துக் கிடந்தது.

இரண்டாவது பாக்கெட்டுக்கு ஆங்கிலத்தை விட்டுவிட்டுக் கொரிய வரியையே பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், மீதிக்கு அகராதி. 'நம்கிகோ' என்றால் மீதம் வைத்து. அடுத்து வரும் வினை, ஊற்றிக் கொட்டிவிட்டு. தமிழைப் போலவே வினை கடைசியில் வருவதால் அதே வரிசையில் எழுத முடிந்தது:

"கொதிக்கும் 600 மி.லி. நீரில் நூடுல்ஸைப் போட்டு, மேலும் 5 நிமிடம் கொதிக்க விடவும். சுமார் 8 ஸ்பூன் நீரைப் பாத்திரத்திலேயே மீதம் வைத்து, மற்றதை வடிக்கவும். சாஸை ஊற்றி 30 வினாடி வதக்கவும். அடுப்பை அணைத்த பிறகு தூவலைப் போடவும்."

'மேலும்' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. மூலத்தில் 'தொ' என்று ஒற்றை எழுத்தாக இருக்கும். தண்ணீர் கொதித்து, நூடுல்ஸ் உள்ளே போன பிறகுதான் அந்த 5 நிமிடம் தொடங்குகிறது. அடுப்பை மூட்டியதிலிருந்து எண்ணினால் இழை வேகாது. ஸ்பூன் என்பதும் நம் டீ ஸ்பூன் இல்லை, அவர்கள் சோறு உண்ணும் நீளமான ஸ்பூன். அளவுக் குவளை கிடைக்கவில்லை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை முழுதாக ஊற்றி, இன்னொன்றில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தோம்.

இந்த முறை தம்பி வடிக்கும்போது கரண்டியை வாணலியின் விளிம்பில் அணை போலப் பிடித்துக்கொண்டான். "எட்டு இருக்கும்ணா" என்று நிறுத்தினான். சாஸ் இழையில் சிவப்பாகப் பிடித்தது. காரம் மட்டும் இருவருக்கும் கண்ணில் நீர் வர வைத்துவிட்டது.