காய்ச்சலில் வந்த வலிப்பு: வீட்டில் செய்ததும் மருத்துவமனையில் தெரிந்துகொண்டதும்

எங்கள் மகனுக்கு ஒன்றரை வயது கடந்திருந்தபோது, ஒரே மாலையில் முதலில் குளிர் நடுக்கமும் சற்று நேரம் கழித்து வலிப்பும் வந்தன. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்ததால் அவற்றின் வேறுபாடு எனக்கு நன்றாகப் பதிந்துவிட்டது. காய்ச்சல் ஏறத் தொடங்கியபோது அவன் உள்ளங்கையும் பாதமும் சில்லென்று இருந்தன, உடம்பு கொதித்தது, தாடை கிடுகிடுவென்று ஆடியது. ஆனால் என் சேலையைப் பற்றிக்கொண்டு அழுதான், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்னைப் பார்த்தான், நடுங்கும் கையை என் கைக்குள் பொத்திப் பிடித்தால் நடுக்கம் அடங்கியது. இது காய்ச்சல் ஏறும்போது உடம்பு தன்னைச் சூடாக்கிக்கொள்ள எடுக்கும் நடுக்கம்தான். நினைவு தப்பாதவரை இதை வலிப்பென்று கொள்ள வேண்டியதில்லை.

வலிப்பு வந்தபோது அப்படி இல்லை. அழுகை பாதியில் நின்றது. கண்கள் மேலே செருகின, உடல் விறைத்தது, பிறகு இரண்டு கைகளும் இரண்டு கால்களும் ஒரே தாளத்தில் வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கின. கூப்பிட்டதற்கு எந்தப் பதிலும் இல்லை. கையைப் பிடித்தாலும் துடிப்பு என் கைக்குள்ளேயே தொடர்ந்தது. உதட்டைச் சுற்றி நீலம் பாய்ந்தது, கடைவாயில் நுரை கட்டியது.

என் கணவருக்குச் சிறுவயதில் காய்ச்சலோடு ஜன்னி வந்ததுண்டு என்று அத்தை சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்ட குழந்தைகள் மருத்துவர், தடுப்பூசிக்காகப் போயிருந்த ஒரு நாளில், நெருங்கிய உறவில் இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு கூடுதல் என்று சொல்லி, வந்தால் செய்ய வேண்டியதை அப்போதே விளக்கியிருந்தார். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது வருகிறது என்றும், பெரும்பாலும் காய்ச்சலின் முதல் நாளிலேயே வந்துவிடும் என்றும், சில வீடுகளில் வலிப்பு வந்த பிறகுதான் காய்ச்சல் இருப்பதே தெரியவரும் என்றும் அவர் சொன்னார்.

அதனால் எங்களுக்குச் செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. அவனைக் கட்டிலில் இருந்து எடுத்துத் தரையில் பாய் மீது இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். தலைக்கடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்து, முகம் சற்றுத் தரையை நோக்கி இருக்கும்படி தாடையை லேசாக முன்னுக்குச் சாய்த்தேன். சட்டைப் பொத்தான்களையும் அரைஞாண் கயிற்றையும் தளர்த்தினேன். பக்கத்தில் இருந்த மர முக்காலியை அத்தை நகர்த்திவிட்டு, "மணி ஏழு நாப்பது. நான் பாத்துக்கறேன், நீ பிள்ளையப் பாரு" என்று சுவர்க் கடிகாரத்தின் அடியிலேயே நின்றுகொண்டார்கள். கொஞ்ச நேரம் முன்பு குடித்த பால் வாந்தியாக வந்தது; ஒருக்களித்துக் கிடந்ததால் அது தானாகவே பாயில் வழிந்தது. மல்லாந்து கிடந்திருந்தால் மூச்சுக்குழலுக்குள் இறங்கியிருக்கும். வாயின் வெளியே இருந்ததை மட்டும் துணியால் துடைத்தேன்.

கை கால்களை அமுக்கிப் பிடிக்கவில்லை. பிடிப்பதால் வலிப்பு நிற்காது, எலும்பிலும் மூட்டிலும் அடிபடத்தான் வழி. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணிக்கப் பார்த்தார். பல் கிட்டியிருக்கிறது, நாக்கைக் கடித்துக்கொள்ளும், கரண்டி வையுங்கள் என்றும் பதறினார். இரும்பைப் பிடித்ததும் வலிப்பு நின்றது என்று பலர் நம்புவதற்குக் காரணம், இந்த வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் தானாகவே நின்றுவிடுவதுதான். சாவியைத் தேடி எடுத்து வரும் நேரமும் அதுவே. சாவியால் கெடுதல் குறைவு, கரண்டியால்தான் அதிகம். பல் உடைந்து தொண்டைக்குள் போகலாம், நாக்கு பின்னுக்குத் தள்ளப்பட்டு மூச்சை அடைக்கலாம். நாக்கின் ஓரம் கடிபட்டால் அந்தக் காயம் தானாக ஆறிவிடும். தண்ணீரோ காய்ச்சல் மருந்தோ அந்த நேரத்தில் ஒரு சொட்டுகூட வாயில் விடக் கூடாது, ஏனென்றால் விழுங்கும் உணர்வு அப்போது குழந்தைக்கு இருக்காது. முகத்தில் குளிர்ந்த நீரை அடிப்பதாலும், வெங்காயத்தை மூக்கில் வைப்பதாலும் ஆவது ஒன்றுமில்லை.

எனக்கு அது அரை மணி நேரம் போல இருந்தது; அத்தை பார்த்த கடிகாரத்தில் மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. இழுப்பின் இடைவெளி நீண்டுகொண்டே போய், ஒரு பெருமூச்சு விட்டு, உடல் துவண்டது. கண்கள் மூடின, உதட்டின் நிறம் திரும்பியது, வயிறு சீராக ஏறி இறங்கியது. வலிப்பு உண்மையாகவே நின்றுவிட்டதா என்று பார்க்க மருத்துவர் சொல்லியிருந்த அடையாளம் கண்கள்தான். கை கால் துடிப்பு நின்ற பிறகும் கண்கள் திறந்து ஒரே பக்கமாக இழுத்தபடி இருந்தால், உள்ளே வலிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். கண் மூடி, உடல் தளர்ந்து, மூச்சு சீரானால் அது வலிப்புக்குப் பின் வரும் உறக்கம். அந்த உறக்கத்திலும் அவனை ஒருக்களித்தபடியே வைத்திருந்தேன்.

முதல் முறை வலிப்பு வந்தால், அது நின்றுவிட்டாலும், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாங்கள் ஆட்டோவில் போனோம். மடியில் அவனைப் பக்கவாட்டில் சாய்த்து, மூச்சு தெரியும்படி முகத்தை வெளிப்பக்கம் வைத்துக்கொண்டேன். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆட்டோவைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது, 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் நிற்காதது தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டியிருக்கும் என்பதே அந்தக் கணக்கு. ஒரு பக்கக் கை கால் மட்டும் இழுத்தாலும், அன்றைக்கே மறுபடி வந்தாலும், நின்ற பிறகு மூச்சு சிரமப்பட்டாலும், ஒரு மணி நேரம் ஆகியும் குழந்தை நம்மை அடையாளம் கண்டு பார்க்காவிட்டாலும் அவசரம்தான். கழுத்து விறைப்பு, விடாத வாந்தி, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், கைக்குழந்தையின் உச்சிக்குழி புடைத்திருப்பது ஆகியவை மூளைக்காய்ச்சலைச் சந்தேகிக்க வைக்கும். ஆறு மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்தால் அதைச் சாதாரணக் காய்ச்சல் வலிப்பு என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

மருத்துவமனையில் பணியில் இருந்த மருத்துவர் முதலில் விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்தார். காய்ச்சல் 102.8 டிகிரி இருந்தது. பிறகு வரிசையாகக் கேள்விகள் வந்தன: இரண்டு பக்கமும் சேர்ந்து இழுத்ததா, கண் எந்தப் பக்கம் போனது, எத்தனை நிமிடம், எவ்வளவு நேரத்தில் விழித்தான், இதற்கு முன் காய்ச்சல் இல்லாமல் இப்படி வந்ததுண்டா, வளர்ச்சியில் ஏதாவது தாமதம் உண்டா. வலிப்பை மருத்துவர் நேரில் பார்ப்பது அரிது; பார்த்தவர்கள் சொல்வதை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்து வைக்கச் சொல்வதும் அதனால்தான். இரு பக்கமும் சேர்ந்து, பதினைந்து நிமிடத்துக்குள், ஒரே நாளில் ஒரே முறை வந்து, குழந்தை முழுதாகத் தெளிந்துவிட்டால் அது எளிய வகை. எங்கள் மகனுக்கு வந்தது அதுவே.

அவர் அழுத்திக் கேட்ட இன்னொரு கேள்வி, மருந்துக்கடையில் வாங்கி ஆன்டிபயாடிக் ஏதாவது கொடுத்தீர்களா என்பது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் மூளைக்காய்ச்சலின் அறிகுறிகள் மங்கிப்போய் ஏமாற்றிவிடும்; அப்படிப்பட்ட குழந்தைகளுக்கும் ஒரு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை வேண்டுமா என்று யோசிப்போம் என்றார். நாங்கள் எதுவும் கொடுத்திருக்கவில்லை. தொண்டை சிவந்திருந்தது, கழுத்து இலகுவாக மடங்கியது, சில மணி நேரத்தில் அவன் பிஸ்கட் கேட்டு அழுதான். தலையை ஸ்கேன் எடுத்துவிடலாமே என்று உறவினர் ஒருவர் தொலைபேசியில் வற்புறுத்திக்கொண்டே இருந்தார். எளிய வகைக்கு ஸ்கேனும் தேவையில்லை, மூளை மின்வரைவான ஈ.ஈ.ஜி.யும் தேவையில்லை, அவற்றால் சிகிச்சையில் எதுவும் மாறப்போவதில்லை என்று மருத்துவர் சொன்னதைச் செலவு மிச்சம் என்றல்லாமல், பிள்ளைக்கு மயக்க மருந்து மிச்சம் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

காய்ச்சல் மருந்தைப் பற்றி அவர் சொன்னது எங்கள் இருவருக்குமே புதிது. பாராசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுத்தாலும் வலிப்பு மீண்டும் வருவதைத் தடுக்க முடியாது. அது குழந்தையின் அசதியையும் வலியையும் குறைப்பதற்காக மட்டுமே. ஆகவே தூங்கும் குழந்தையை எழுப்பி எழுப்பிக் கொடுக்க வேண்டாம். அளவு எடையைப் பொறுத்தது: கிலோவுக்கு 15 மில்லிகிராம். எங்கள் மகன் 10 கிலோ, எனவே ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 6 மில்லி, 5 மில்லியில் 250 உள்ளதென்றால் 3 மில்லி மட்டுமே. இரண்டு புட்டிகளும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் லேபிளைப் படிக்காமல் ஊற்றக் கூடாது. அடுத்த வேளைக்குக் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். உடம்பைத் துடைப்பதாக இருந்தால் வெதுவெதுப்பான நீரில்தான். குளிர்ந்த நீர் பட்டால் நடுக்கம் எடுத்துச் சூடு இன்னும் ஏறும்.

ஒருமுறை வந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அடுத்த காய்ச்சலிலோ அதற்கடுத்ததிலோ மீண்டும் வரலாம். குடும்பத்தில் இருப்பதால் எங்களுக்கு வாய்ப்பு சற்றுக் கூடுதல். எளிய வகை வலிப்பால் மூளைக்குச் சேதமில்லை என்பதால் தினசரி வலிப்பு மாத்திரை எதுவும் தரவில்லை. அதற்குப் பதிலாக மிடாசோலம் என்னும் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயை எழுதிக்கொடுத்தார். சீட்டு இல்லாமல் இதை வாங்க முடியாது. கடையில் ஓர் அழுத்தத்துக்கு 0.5 மில்லிகிராம், 1.25 மில்லிகிராம் என்று இரண்டு வகை கிடைப்பதால், எது எழுதப்பட்டதோ அதையே பார்த்து வாங்க வேண்டும். கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்ற கணக்கில் எங்கள் மகனுக்கு 2 மில்லிகிராம், அதாவது 0.5 வகையில் ஒவ்வொரு மூக்குத் துளையிலும் இரண்டு அழுத்தம். வலிப்பு ஐந்து நிமிடம் ஆனதும் அடித்துவிட்டு, உடனே 108-ஐ அழைத்து, மூச்சைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று செவிலியர் செய்துகாட்டினார். எத்தனை அழுத்தம் என்பதைப் பெட்டியின் மேல் மார்க்கரால் எழுதி அத்தைக்கும் காட்டிவைத்திருக்கிறோம். இப்போது அவன் 12 கிலோ ஆகிவிட்டான். இந்த மாதச் சோதனைக்குப் போகும்போது பழைய அளவை அடித்துவிட்டுப் புதியதை மருத்துவரிடமே எழுதி வாங்க வேண்டும்.