ஃபார்வர்டிங்கிலேயே ஓட்டிய ஒரு வருஷம்

கரூரில் நானும் மனைவியும் சேர்ந்து துணிப்பை தைத்துக் கொடுக்கிறோம். மூன்று தையல் மெஷின், வெட்டுவதற்கு ஒரு மேசை, அவ்வளவுதான். கடைப் பெயரில் ஒரு டொமைன் வாங்கியபோது, அதை விற்றவர்களே மெயில் ஃபார்வர்டிங்கை இலவசமாகக் கொடுத்தார்கள். orders@ என்று தொடங்கும் எங்கள் முகவரிக்கு எது வந்தாலும் என் ஜிமெயிலுக்கு வந்துவிடும். தனியாக மெயில்பாக்ஸ் வாங்கினால் மாதாமாதம் காசு. இலவசமே போதுமே என்று விட்டுவிட்டேன். விசிட்டிங் கார்டிலும் அந்த முகவரியையே அடித்தாயிற்று.

ஃபார்வர்டிங்கில் உங்கள் பெயரில் பெட்டி என்று எதுவும் கிடையாது. வரும் கடிதத்தை வாங்கி, வேறு வீட்டு விலாசம் எழுதித் திருப்பி விடுகிற ஆள் மட்டும்தான் இருக்கிறான். அவன் நகல் வைத்துக்கொள்வதில்லை; உங்கள் சார்பில் பதிலும் எழுத மாட்டான். இது எனக்குப் புரிய இரண்டு சம்பவங்கள் தேவைப்பட்டன.

முதல் சம்பவம் பில் அனுப்பியபோது. ஒரு கம்பெனிக்கு 400 பை கொடுத்திருந்தோம். ஆர்டர் வந்தது டொமைன் முகவரிக்கு. நான் ஜிமெயிலில் Reply அழுத்தி பில்லை அனுப்பினேன், அது என் சொந்த ஜிமெயில் முகவரியிலிருந்து போயிருக்கிறது. மறுநாள் அவர்கள் அக்கவுண்ட்ஸிலிருந்து போன். "சார், ஆர்டர் போட்டது ஒரு ஐடிக்கு, பில் வந்திருக்கிறது வேறொரு ஐடியிலிருந்து. உள்ளே பேங்க் விவரமும் இருக்கிறது. நீங்கள்தான் அனுப்பினீர்களா?" என்று கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். பழகிய சப்ளையர் போல வேறு முகவரியிலிருந்து எழுதி, வேறு அக்கவுண்ட் நம்பரைக் கொடுத்துப் பணம் பறிப்பது நடக்கிற மோசடி. பணம் ஒன்பது நாள் தள்ளி வந்தது.

அப்புறம் ஜிமெயில் செட்டிங்ஸில் Send mail as என்று ஒன்று இருப்பதைப் பார்த்தேன். ஜிமெயிலின் சர்வரையே கொடுத்து, ஆப் பாஸ்வேர்டு போட்டு, டொமைன் முகவரியிலிருந்து போவது போல அமைத்தேன். முகப்பில் எங்கள் முகவரி வந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். மனைவியின் கணக்குக்கு ஒன்று அனுப்பி, அதில் Show original திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: அனுப்பும் சர்வருக்கு அந்த டொமைனின் அனுமதி உண்டா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனை தேறியிருந்தது, ஆனால் gmail.com பெயரில். எங்கள் டொமைன் பெயரில் எதுவும் தேறவில்லை. அனுப்புநர் என்று காட்டும் டொமைனும், சோதனையில் தேறிய டொமைனும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் டிமார்க் என்கிற விதி கேட்பது. இங்கே பொருந்தவில்லை. சில இடத்தில் இன்பாக்ஸுக்குப் போனது, சில இடத்தில் ஸ்பேமுக்கு. எங்கே போகும் என்று நம்மால் சொல்ல முடியாத மெயிலில் பில் அனுப்ப மனசு வரவில்லை.

இரண்டாவது சம்பவம்தான் என்னை உண்மையில் பயமுறுத்தியது. பழைய வாடிக்கையாளர் ஒருவர், "இரண்டு தடவை ஆர்டர் அனுப்பினேன், திரும்பி வருகிறதே" என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். அதில் இப்படி ஒரு வரி:

```
550-5.7.26 Unauthenticated email from ... is not accepted due to domain's DMARC policy.
```

அவர் பக்கம் தப்பில்லை. தங்கள் டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று அவர்கள் எஸ்பிஎஃப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். சோதனையில் தேறாததை ஏற்காதே என்று டிமார்க்கிலும் எழுதியிருக்கிறார்கள். மெயில் நேராக வந்தால் ஒரு சிக்கலும் இல்லை. நடுவில் ஃபார்வர்டு செய்பவன் வாங்கித் திருப்பி விடும்போது, ஜிமெயில் கண்ணுக்கு அது பட்டியலில் இல்லாத சர்வரிலிருந்து வருகிற மெயில். மெயிலிலேயே அனுப்பிய டொமைனின் டிகேஐஎம் கையெழுத்து இருந்தால் அது பெரும்பாலும் வழியில் கெடாமல் வந்து சேரும், மெயில் தப்பித்துவிடும். அவர்கள் ஆர்டரை அனுப்புவது பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து. அதில் அந்தக் கையெழுத்து இல்லை. எனவே நிராகரிப்பு. என் ஜிமெயிலின் ஸ்பேமில்கூட அதன் சுவடு கிடையாது. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரியவே வந்திருக்காது. இதற்கு முன் இப்படி எத்தனை போயிற்றோ!

அந்த வாரமே மெயில்பாக்ஸ் வாங்கினேன். ஒரு பெட்டிக்கு மாதம் நூற்றுச் சொச்சம் ரூபாய். முகவரிக்கு ஒரு பெட்டி வேண்டும் என்று நினைத்து முதலில் மூன்றுக்குக் கணக்குப் போட்டேன். அது வேண்டியதில்லை. ஒரே பெட்டிக்கு orders@, accounts@ எல்லாவற்றையும் அலையஸாகச் சேர்க்கலாம், அதற்குத் தனிக் காசு இல்லை.

மாற்றும் வேலை டொமைனின் டிஎன்எஸ் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை செய்தேன், அன்றைக்கு ஆர்டர் வராது. பெட்டியையும் அலையஸ்களையும் முதலில் உருவாக்கிவிட்டு, அதன்பிறகுதான் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் வரிகளைத் தொட்டேன். முறை மாறினால் நடுவில் வரும் மெயில் 'அப்படி ஒரு முகவரியே இல்லை' என்று திரும்பிவிடும். பழைய எம்எக்ஸை முழுக்க நீக்கிவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். இரண்டும் இருந்தால் ஒரு மெயில் அங்கே, ஒரு மெயில் இங்கே என்று பிரிந்து போகலாம்.

நான் கவனமில்லாமல் விட்டது எஸ்பிஎஃப்பில். புதிய வரியைச் சேர்த்தேன், பழையதை அழிக்கவில்லை:

```
v=spf1 include:_spf.forwarder.example ~all
v=spf1 include:_spf.mailhost.example ~all
```

ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் மெயிலை வாங்கும் சர்வர் எதையும் படிக்காமல் மொத்தமாகத் தப்பு என்று சொல்லிவிடும். மறுபடி Show original பார்த்தபோது spf=permerror என்று இருந்தது. பழைய வரியை அழித்து, ஒரு மணி நேரம் கழித்து அனுப்பிப் பார்த்ததும் சரியானது. இரண்டு இடத்திலிருந்தும் அனுப்புகிற தேவை உள்ளவர்கள் ஒரே வரிக்குள் இரண்டு include எழுத வேண்டும். அப்புறம் மெயில் நிறுவனம் கொடுத்த டிகேஐஎம் சாவியையும் ஒட்டினேன். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் எங்கள் டொமைன் பெயரிலேயே தேறியதைப் பார்த்த பிறகுதான் அன்றைக்கு மதியச் சாப்பாடு.

ஒரே பெட்டியை இரண்டு பேர் பயன்படுத்தலாம் என்ற சிக்கனம் இரண்டு மாதம்தான் தாங்கியது. மனைவி லாகின் செய்யும்போதெல்லாம் ஓடிபி என் போனுக்கு வரும், நான் நூல் வாங்க ஈரோடு பஸ்ஸில் இருப்பேன். "இந்தப் பெட்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று கோபித்துக்கொண்டாள். இப்போது அவளுக்கும் ஒன்று.

இதைக் கேட்டுவிட்டு என் மச்சானும் மெயில்பாக்ஸ் வாங்கக் கிளம்பினான். அவனுக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. போன வருஷம் முழுக்க அவன் டொமைன் முகவரிக்கு வந்தது எத்தனை என்று கேட்டேன். பதினொன்று, அதில் பாதி விளம்பரம். ஆர்டர் எல்லாம் போனில், பில் கையில். டொமைன் முகவரியிலிருந்து அவன் யாருக்கும் எழுதியதே இல்லை. உனக்கு ஃபார்வர்டிங்கே போதும்டா, கார்டில் போன் நம்பரைப் பெரிதாக அடி என்று சொல்லி அனுப்பினேன். பில்லையோ கொட்டேஷனையோ மெயிலில் அனுப்ப ஆரம்பிக்கிற அன்றைக்கு வந்து சொல்கிறேன் என்றிருக்கிறான்.