கல்லா மேல் என்எஃப்சி ஸ்டிக்கர்: தொட்டதும் பணம் கட்டும் பக்கம் திறக்க

கல்லாவில் ஒட்டும் என்எஃப்சி ஸ்டிக்கருக்குப் பணத்தோடு நேரடித் தொடர்பே கிடையாது. அதில் பேட்டரி இல்லை, இணையம் இல்லை. போன் கிட்டே வந்ததும் போனின் காந்தப்புலத்திலிருந்தே கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டு, தனக்குள் எழுதியிருக்கும் ஒரு முகவரியைச் சொல்லிவிடும். அதைத் திறப்பது போனின் வேலை, பணம் அனுப்புவது யுபிஐ ஆப்பின் வேலை. ஆகவே கடைக்கு ஒட்டிக் கொடுக்கும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது, உள்ளே எந்த முகவரியை எழுதுவது என்பதுதான்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, கடையின் கியூஆரில் இருக்கும் `upi://pay?pa=...` லிங்கை அப்படியே எழுதிவிடலாம் என்பது. அது எல்லோர் போனிலும் வேலை செய்யாது. ஐபோன் எந்த ஆப்பும் திறக்காமல் ஸ்டிக்கரில் உள்ள டேக்கைப் படிக்கும்போது `https://`, `tel:` போன்ற சில வகை முகவரிகளை மட்டும் ஏற்கும். `upi://` அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் ஒன்றும் நடக்காது. ஆண்ட்ராய்டில் நிலைமை போனுக்குப் போன் மாறும். யுபிஐ ஆப் என்எஃப்சி வழியாக வரும் லிங்கை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தால் திறக்கும், இல்லாவிட்டால் இதற்கான ஆப் இல்லை என்று போன் சொல்லும். போதாக்குறைக்கு, சில வணிகர் கியூஆர்களில் கையொப்பம் வரை சேர்ந்து லிங்க் மிக நீளமாகிவிடும், சின்ன டேக்கில் அடங்காது.

அதனால் டேக்கில் ஒரு குட்டி `https` முகவரி, அந்தப் பக்கத்தில் யுபிஐ பட்டன் என்று இரண்டு படியாக வைப்பதே சரி. கடைக்காரர் வங்கியை மாற்றினால் பக்கத்தைத் திருத்தினால் போதும், ஸ்டிக்கரைப் பிய்க்க வேண்டாம்.

வாங்க வேண்டியது `NTAG213` சிப் உள்ள டேக். இதில் பயனருக்கு 144 பைட் இடம் உண்டு. அது எவ்வளவு தாராளம் என்பதை ஒரு முகவரியை வைத்தே பார்க்கலாம். `https://example.com/k/07` என்பதில் `https://` எழுத்தெழுத்தாகப் பதிவாகாது, `04` என்ற ஒரே பைட்டாகச் சுருங்கும். மிச்சம் 16 எழுத்து. உள்ளே இப்படி இருக்கும்:

```
03 15 D1 01 11 55 04 [example.com/k/07] FE
```

தலைப்பும் முடிவுக்குறியும் சேர்த்து மொத்தம் 24 பைட்தான். இதற்கு `NTAG215`, `NTAG216` எல்லாம் வீண் செலவு. கடைசியில் உள்ள `07` கவுன்டர் எண். ஒவ்வொரு கவுன்டருக்கும் தனி எண் கொடுத்தால் எந்த ஸ்டிக்கரிலிருந்து ஆள் வந்தார் என்று தெரியும். போனில் இருக்கும் ஏதாவது ஒரு டேக் எழுதும் ஆப்பில், வெறும் எழுத்தாக இல்லாமல் முகவரி வகைப் பதிவாக இதை எழுத வேண்டும். எழுத்தாகப் பதிந்தால் போன் அதைத் திறக்காது, காட்டினால் எழுத்தாகத்தான் காட்டும்.

இந்தக் குட்டி முகவரியிலிருந்து வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுவதாக இருந்தால் சர்வரில் தற்காலிக மாற்றம் என்று சொல்லும் 302 கொடுங்கள், 301 கொடுக்காதீர்கள். 301 என்றால் நிரந்தர மாற்றம். ஒருமுறை வந்த வாடிக்கையாளரின் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு, நீங்கள் மாற்றிய பிறகும் பழைய பக்கத்துக்கே போகும். புதிதாக வருபவரின் போனில் சரியாகத் திறக்கும், முன்பே வந்துபோனவருக்கு மட்டும் பழைய பக்கம் வரும்; காரணம் பிடிபடாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் கோளாறு இது.

பக்கத்தில் கடையின் பெயர் பெரிதாக, கீழே பட்டன். பக்கம் திறந்ததும் தானாகவே யுபிஐ ஆப்புக்குத் தாவ வைக்க ஆசை வரும், வேண்டாம். விரல் படாமல் வேறு ஆப்பைத் திறப்பதைப் பிரவுசர்கள் பல நேரம் தடுத்துவிடும், வாடிக்கையாளர் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆண்ட்ராய்டில் ஒரே பட்டன் போதும், எந்த ஆப் என்று போனே கேட்கும். ஐபோன் அப்படிக் கேட்காமல் தானாக ஒன்றைத் திறந்துவிடும் என்பதால், அதற்கு ஒவ்வொரு ஆப்புக்கும் தனிப் பட்டன் வைப்பது நல்லது. இன்னொன்று: கடைக்காரரின் சொந்த யுபிஐ ஐடியைப் போட்டால், லிங்க் வழியாக வரும் பணத்தைப் பாதுகாப்புக் காரணம் காட்டியோ வரம்பு தாண்டியதாகச் சொல்லியோ ஆப் மறுப்பது சகஜம். வணிகர் கணக்கின் ஐடியைத்தான் போட வேண்டும்.

தொகையை டேக் அறியாது, வாடிக்கையாளர்தான் அடிக்க வேண்டும். பில்லிங் மென்பொருளோடு இணைத்து `07` கவுன்டரின் நடப்பு பில்லைக் காட்டலாம்தான். ஆனால் பணம் வந்த உடனே அந்த பில் பக்கத்திலிருந்து போகாவிட்டால், வரிசையில் அடுத்து நிற்பவர் முன்னவரின் இட்லிக்குப் பணம் கட்டுவார்.

ஒட்டும் இடத்தில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். நம் டீக்கடை, ஜூஸ் கடை கல்லாக்கள் பெரும்பாலும் ஸ்டீல். சாதாரண ஸ்டிக்கரைக் கையில் பிடித்துத் தொட்டால் சட்டென்று படிக்கும், ஸ்டீலில் ஒட்டியதும் செத்துவிடும். உலோகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, டேக்கின் 13.56 மெகாஹெர்ட்ஸ் இசைவைக் கெடுத்துவிடுவதே காரணம். பின்பக்கம் ஃபெரைட் அடுக்கு உள்ள, உலோகத்துக்கென்றே விற்கும் டேக் வாங்குங்கள்; அல்லது அக்ரிலிக் ஸ்டாண்டில் ஒட்டி உலோகத்திலிருந்து தள்ளி வையுங்கள். கண்ணாடி, மரம், கிரானைட்டில் பிரச்சினை இல்லை. கார்டு மெஷினுக்கு அருகில் மட்டும் வைக்காதீர்கள்: மெஷினும் அதே அலைவரிசையில் புலம் அனுப்புவதால், போன் டேக்கை விட்டுவிட்டு கார்டு ஆப்பைத் திறக்கும். ஒரு சாண் தள்ளினால் போதும்.

படிக்கும் தூரம் சில சென்டிமீட்டர்தான். ஐபோனின் ஆன்டெனா மேல் விளிம்பில் இருக்கிறது, பல ஆண்ட்ராய்ட் போன்களில் பின்புறம் கேமராவுக்குக் கீழே. ஆகவே ஸ்டிக்கரில் ‘போனை இங்கே தொடவும்’ என்பதோடு ‘ஐபோன்: மேல் முனை’ என்றும் அச்சிட்டால் பாதிக் கேள்வி குறையும். ஐபோனில் XS, XR தொடங்கி அதன்பின் வந்த மாடல்கள் தானாகப் படிக்கும், திரை மட்டும் ஒளிர்ந்திருக்க வேண்டும், கேமரா திறந்திருக்கக் கூடாது. மேலே வரும் அறிவிப்பைத் தொட்டால் பக்கம் திறக்கும். ஆண்ட்ராய்டில் திரைப்பூட்டு திறந்து, என்எஃப்சி ஆனில் இருக்க வேண்டும். விலை குறைந்த போன்கள் பலவற்றில் என்எஃப்சியே கிடையாது, எனவே ஸ்டிக்கருக்கு அருகில் கியூஆர் இருந்தே ஆக வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் ஒரே ஒருவர் போன் மட்டும் முரண்டு பிடித்தால், கவருக்குள் பாருங்கள். சிங்காரச் சென்னை பயண அட்டையோ வங்கி கார்டோ செருகியிருக்கும். அதுவும் ஒரு டேக்தானே, போன் அதைத்தான் படித்துக்கொண்டிருக்கும்.

ஒட்டிச் சோதித்த பிறகு டேக்கைப் பூட்டாமல் விடாதீர்கள். பூட்டாத டேக்கில் யார் வேண்டுமானாலும் போனை வைத்துச் சில நொடியில் தன் முகவரியை எழுதிவிட்டுப் போகலாம். எழுதும் ஆப்பிலேயே பூட்டும் வசதி இருக்கும். பூட்டினால் திரும்பத் திறக்க முடியாது. அதனால் முகவரியை ஒரு ஐபோனிலும் ஒரு ஆண்ட்ராய்டிலும் திறந்து பார்த்த பிறகே பூட்டுங்கள். ஆனால் பூட்டு, மேலே வேறொரு ஸ்டிக்கர் ஒட்டுவதைத் தடுக்காது. காலையில் கடை திறக்கும்போது கல்லாவில் இருப்பவர் ஒருமுறை தன் போனை வைத்து, திறக்கும் முகவரியும் கடைப் பெயரும் சரிதானா என்று பார்க்கட்டும். வாடிக்கையாளர் திரையில் காட்டும் பச்சை டிக்கைப் பார்த்து சரக்கைக் கொடுக்காமல், சவுண்ட்பாக்ஸ் தொகையைச் சொன்ன பிறகே கொடுக்கட்டும்.